தற்சமம், தற்பவம்

தற்சமம் என்ற சொல்லே ஒரு தற்பவம். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வடமொழியில் ‘தத்’ என்றால் ‘அது’. இங்கே அது என்பது சமஸ்கிருதத்தைக் குறிக்கும். தத் + சமம்: அதற்குச் சமமானது, அதாவது அங்கே இருந்தபடியே இங்கே வந்தது. தத் + பவம்: அதிலிருந்து பிறந்தது, அதாவது உருமாறி வந்தது. முதலில் பிராகிருதச் சொற்களைப் பிரிக்க ஏற்பட்ட பெயர்கள் இவை. காஞ்சியில் வாழ்ந்த தண்டி தம் காவியாதர்சத்தில் பிராகிருதத்தைப் பற்றிப் பேசும்போது தற்பவம், தற்சமம், அந்தந்த வட்டாரத்துக்கே உரிய தேசி என்று மூன்றையும் சொல்கிறார். பிறகு தென்னாட்டு மொழிகளின் இலக்கணங்களும் இவற்றை எடுத்துக்கொண்டன.

சரி, ‘தத்சமம்’ எப்படித் ‘தற்சமம்’ ஆயிற்று? தமிழில் ஒரு சொல்லுக்குள் த் என்ற ஒற்றுக்குப் பின்னால் த மட்டும்தான் வரும். பத்து, முத்து, கத்தி எல்லாம் அப்படித்தான். த் பக்கத்தில் ச, ப, க வருவதைத் தமிழ் ஏற்காது. ஆனால் ற் பக்கத்தில் இந்த மூன்றும் வரலாம்: பயிற்சி, கற்பு, கற்க. அதனால் வடமொழியின் த் இந்த இடங்களில் ற் ஆயிற்று. உத்ஸவம் உற்சவம் ஆனதும், சத்குரு சற்குரு ஆனதும் இதே வழியில்தான்.

இனி, தமிழில் எது தற்சமம்? ‘கேட்டால் வடமொழி மாதிரி இருக்கிறது, அதனால் தற்சமம்’ என்று பலரும் நினைக்கிறார்கள். இலக்கண நூலார் காதை நம்பவில்லை, எழுத்தை எண்ணினார்கள். 25 எழுத்துகள் இரு மொழிக்கும் பொது என்கிறது நன்னூல்: உயிரில் 10, க, ச, ட, த, ப என்று ஐந்தைந்து ஒலிகளாக வரும் ஐந்து வருக்கங்களின் முதலும் கடைசியுமாக 10, அப்புறம் ய, ர, ல, வ, ள. வடமொழிச் சொல் முழுவதும் இந்தப் பொது எழுத்துகளால் ஆனதாக இருந்தால்தான் தற்சமம். வடமொழிக்கே உரிய சிறப்பெழுத்து ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தற்பவம். ஈற்றில் ‘ம்’ சேர்வதைப் பொருட்படுத்துவதில்லை. கமல, கமலம் ஆவதால் அது தற்பவம் ஆகிவிடாது.

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ‘குலம்’, ‘குணம்’ இரண்டையும் எழுதிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் தற்சமம் என்பார்கள், ஏனென்றால் எழுத்தில் எந்த மாற்றமும் கண்ணில் படவில்லை. (குலம் தமிழிலிருந்து வடக்கே போன சொல் என்று வாதிடுவோர் உண்டு, அந்த வழக்கு தனி.) வடமொழியில் குலத்தின் முதலெழுத்து க-வருக்கத்தின் முதல் ஒலி, ‘கல்’ என்பதில் வருவது. அது பொது எழுத்து, எனவே தற்சமம். குணத்தின் முதலெழுத்து அதே வருக்கத்தின் மூன்றாம் ஒலி, ‘தங்கம்’ என்பதில் ங்-க்குப் பின் வருவது. வடமொழியில் அதற்குத் தனி எழுத்து உண்டு, தமிழில் இல்லை. அதைக் ககரமாக எழுதிய கணமே சொல் திரிந்துவிட்டது. எனவே குணம் தற்பவம். தானமும் கதியும் இதே வகைதான். ‘பலம்’ இன்னும் சிக்கலானது. வலிமை என்று பொருள்படும் சொல்லும் பழம் என்று பொருள்படும் சொல்லும் வடமொழியில் இரண்டு வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழுக்கு வந்தபோது இரண்டும் ஒரே உரு ஆகிவிட்டன. இரண்டுமே தற்பவம்.

இந்தக் கணக்கில் பார்த்தால் தமிழில் உண்மையான தற்சமங்கள் கொஞ்சம்தான். கமலம், காரணம், நீலம், வீரம், மேரு என்று சொல்லிக்கொண்டே போனாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் எல்லா வருக்க எழுத்துகளும் இருப்பதால் அங்கே தற்சமங்கள் குவிந்து கிடக்கின்றன.

திரிபு எப்படி நடக்கிறது என்று ஒரே சொல்லில் பார்க்கலாம். தர்ம என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். முதலெழுத்து த-வருக்கத்தின் நான்காம் ஒலி, அது தகரமாகிவிடும். அடுத்தது ‘ர்ம’. ‘நேர்மை’, ‘கூர்மை’ என்று நாம் எழுதுகிறோமே, ‘தர்மம்’ மட்டும் ஏன் கூடாது? தனிக் குறிலை அடுத்து ர், ழ் இரண்டும் ஒற்றாக வருவதில்லை என்கிறது தொல்காப்பியம்: ‘ரகார ழகாரம் குற்றொற்று ஆகா.’ நே, கூ இரண்டும் நெடில், அதனால் தடையில்லை. த குறில், அதனால் தடை. நடுவில் ஓர் உகரத்தை வைத்துத் ‘தருமம்’ ஆக்கினார்கள். ‘ரவ்வழி உவ்வும்’ என்று நன்னூல் இதற்கு விதி வகுத்தது. கருமம், அருத்தம், கருவம் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை.

ஆனால் தருமம்தான் இச்சொல் தமிழில் எடுத்த முதல் உரு என்று சொல்ல முடியாது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குன்றில், பொதுவாகக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படும், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. நெடுஞ்செழியனைச் சார்ந்த ஒருவன் கணி நந்தன் என்ற துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி அதில் வருகிறது. அங்கே சொல் ‘தம்மம்’. இது பிராகிருதத்தின் வழியாக வந்த உரு. வடமொழிச் சொல் பிராகிருதத்தில் ஒருமுறை திரிந்து, தமிழில் மறுபடியும் திரிந்திருக்கிறது. தற்பவத்தின் தற்பவம் என்று சொல்லலாம். பின்னாளில் ‘தன்மம்’ என்ற உருவும் வழங்கியது. கர்ம என்பதற்கும் இப்படியே கருமம், கன்மம் என இரண்டு உருக்கள். சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்று வருவது இரண்டாவது உரு.

இன்று நாம் எழுதும் ‘தர்மம்’ இலக்கணப்படி எதிலும் சேராது. கிரந்த எழுத்து இல்லாததால் தமிழாகத் தெரிகிறது, ஆனால் தொல்காப்பியர் தடுத்த குற்றொற்று அதில் அப்படியே இருக்கிறது. முதலெழுத்துத் திரிந்ததால் தற்சமமும் ஆகாது. நான் தருமம் என்றே எழுதுகிறேன். பேசும்போது என் வாயிலும் தர்மம்தான் வருகிறது.

தற்சமம், தற்பவம் என்ற பெயர்களுக்கே தமிழில் என்ன சொல்லலாம்? வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய சொல்லைத் தொல்காப்பியர் வடசொல் என்றார். அடுத்தே ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ என்றார்: சிதைந்து வந்தாலும் பொருந்தினால் விலக்க மாட்டார்கள். சிதைவு என்றால் இன்றைக்குப் பாழானது என்ற தொனி வந்துவிட்டது. அதனால் ஒத்த வடசொல், திரிந்த வடசொல் என்று சொல்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தருமத்துக்குத் தமிழ் அறம். குறளின் முதற்பாலுக்கே அறத்துப்பால் என்று பெயர் இருக்கும்போது வேறு தேட வேண்டியதில்லை. கோயில் தர்மகர்த்தா இன்று அறங்காவலர் ஆகிவிட்டார், யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் மாற்றிப் போட முடியாது. ‘தர்மம் பண்ணுங்க தாயே’ என்று கேட்பவர் கேட்பது ஈகையை. ‘தர்மாஸ்பத்திரி’யில் அச்சொல்லுக்கு இலவசம் என்று பொருள். ‘தர்ம அடி’க்கு அறம் பக்கத்திலேயே வராது. எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்த்து, அறமா, ஈகையா, கொடையா, இலவசமா என்று தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரில் இந்தச் சொல்லின் இரண்டு உருவையும் இன்றும் பார்க்கலாம். பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அரசு ஆவணங்களில் உகரத்தோடு ‘தருமபுரி’. கடைப் பலகைகளில் ‘தர்மபுரி’யும் உண்டு.