எறும்பை யானையாக்கும் இருபது மில்லிமீட்டர்

தோட்டத்து மதில் மேல் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டெறும்பு வந்து வாய் வைத்தது. குடிக்கத் தொடங்கிவிட்டால் எறும்பு அசையாது, படம் எடுக்கத் தோதான நேரம் அதுதான். முதலில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் எடுத்தேன். காலில் உள்ள முடியைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் பார்ப்பதற்கு எறும்பு எறும்பாகவே இருந்தது, அருங்காட்சியகத்தில் குண்டூசி குத்தி வைத்த மாதிரி. அடுத்து போனைத் தலைகீழாகப் பிடித்து மதிலை ஒட்டி ஒன்று எடுத்தேன். துல்லியம் சுமார்தான். அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, இது நம்ம தென்னமரத்தவிட உசரமா நிக்குதே!” என்றாள்.

இரண்டிலும் அதே எறும்புதான். ஒன்றில் பூச்சியாகவும் இன்னொன்றில் பூதமாகவும் தெரிந்ததற்குக் காரணம் உருப்பெருக்கம் இல்லை. சொல்லப்போனால் மேக்ரோ படத்தில்தான் பெருக்கம் அதிகம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். கட்டெறும்பின் நீளம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேக்ரோ லென்ஸ் அதிலிருந்து சுமார் 150 மி.மீ. தள்ளி நிற்கிறது. எறும்பு நம்மைப் பார்த்து நின்றால் தலை 150-இல், வயிற்றின் பின்முனை 160-இல். ஒரே அளவுள்ள இரண்டு பொருளை அந்த இரண்டு இடத்திலும் வைத்தால், முன்னால் இருப்பது ஏழு சதவீதம்தான் பெரிதாகத் தெரியும், கண்ணுக்கே படாது. இதை அப்படியே 300 மடங்கு ஊதிப் பெருக்கினால், மூன்று மீட்டர் நீள யானையை 45 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிற்கிற யானையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

போனின் அகலக்கோண லென்ஸ் சில மாடல்களில் 20 மி.மீ. வரை நெருங்கிப் போய் ஃபோகஸ் ஆகும். இப்போது தலை 20-இல், பின்முனை 30-இல். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடுகிறது. யானைக் கணக்கில் இது ஆறு மீட்டர், அதாவது துதிக்கையை நீட்டினால் எட்டிவிடுமோ என்று கால் பின்வாங்குகிற தூரம். தலை புடைத்து முன்னால் வருவதும், பின்னங்கால்கள் சுருங்கி ஓடுவதும் பெரிய உருவத்தின் அருகில் நிற்கும்போது மட்டுமே நாம் காண்பவை. மூளைக்கு அது பழக்கம், அதனால் பார்த்ததும் நம்பிவிடுகிறது.

ஆனால் நெருங்கிப் போனால் மட்டும் போதாது. பின்னணி எவ்வளவு மங்குகிறது என்பதிலும் அளவு காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. தொலைவில் ஒரு புள்ளியிலிருந்து, தென்னை ஓலையின் நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள், வருகிற ஒளி லென்ஸின் துளை எவ்வளவு அகலமோ அவ்வளவு தடிமனான உருளையாக உள்ளே நுழைகிறது. வரும் வழியில் எறும்பு நிற்கும் இடத்தைத் தாண்டும்போதும் அதே தடிமன்தான். ஆக, எறும்பில் ஃபோகஸ் வைத்தால் ஓலை நுனி எறும்பின் பக்கத்தில் துளையின் அகலத்துக்குச் சமமான ஒரு வட்டமாகக் கலங்கித் தெரியும்.

100 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்தால், 100-ஐ 11-ஆல் வகுக்க, துளை சுமார் 9 மி.மீ. ஓலை நுனி கிட்டத்தட்ட எறும்பின் நீளத்துக்கு ஊதிவிடும். தோட்டம் முழுக்கப் பச்சைக் குழம்பாகிவிடும். போனின் அகலக்கோண லென்ஸில் துளை 1 மி.மீ. அளவுதான், எனவே மங்கல் எறும்பின் தலையைவிடப் பெரிதாகாது. தென்னை தென்னையாக, செம்பருத்தி செம்பருத்தியாகத் தெரியும். உண்மையான யானையை நாம் பார்க்கும்போது நம் கண்மணியின் துளை 4 மி.மீ. போல இருக்கும். மூன்று மீட்டர் யானையின் பக்கத்தில் 4 மி.மீ. மங்கல் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பின்னணி தெளிவாக இருந்தால் பொருள் பெரியது, கலங்கினால் சின்னது என்று மூளை முடிவு கட்டுகிறது. நிஜ நகரத்தின் படத்தில் மேலும் கீழும் மங்கலைப் பூசினால் அது பொம்மை ஊராகத் தெரிகிற வேடிக்கை இதே கணக்கின் மறுபக்கம்.

மூன்றாவது, தொடுவானம். சமதளத்தில் தொடுவானக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில் இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் நம்மைவிட உயரம், கீழே அடங்கிவிடுவதெல்லாம் குள்ளம். கட்டெறும்பின் முதுகு தரையிலிருந்து சில மி.மீ.தான். பெரிய லென்ஸைத் தரையிலேயே கிடத்தினாலும் அதன் மையம் 35, 40 மி.மீ. உயரத்தில் இருக்கும், எறும்பை நாம் குனிந்தே பார்க்கிறோம். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். போனில் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால் தலைகீழாகத் திருப்பினால் தரைக்கு அருகே வந்துவிடும். அதுவும் போதாமல்தான் மதிலுக்குப் போனேன். மதில் விளிம்புக்கு வெளியே போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் லென்ஸ் சுவரின் மேற்பரப்பை உரசுகிற உயரத்துக்கு வரும். எறும்பின் முதுகு தொடுவானத்தை வெட்டி வானத்தில் ஏறும். அக்கா மகள் கண்ணுக்குப் பட்ட உயரம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. சில போன்கள் நெருங்கிப் போனதும் சொல்லாமல் கொள்ளாமல் வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். திரையில் காட்சி ஒரு குலுங்கு குலுங்கி, பின்னணி திடீரென்று குறுகினால் அகலக்கோணம் கைவிட்டுப் போனது என்று அர்த்தம். இன்னொன்று, 20 மி.மீ. நெருக்கத்தில் போனின் நிழலே எறும்பின் மேல் விழும். பக்கவாட்டில் காலை வெயில் அடிக்கும்போது எடுப்பது உத்தமம். வெயிலுக்கு ஒரு தனி நேர்மையும் உண்டு. சூரியன் எறும்புக்கும் யானைக்கும் ஒரே அரை டிகிரி அகலம்தான், ஆகவே நிழலின் ஓரம் உருவத்துக்கு ஏற்ற விகிதத்திலேயே விழுகிறது. கையகல ஃபிளாஷை எறும்பின் தலைக்கு மேல் பிடித்தால் அதற்கு அது பாதி வானம். நிழலே இல்லாத அந்த வழவழப்பில் ஸ்டுடியோ வாடை வந்துவிடும்.

வீடியோவில் கதை வேறு. பெரிய பொருள் மெதுவாக விழும், மெதுவாக அசையும். உயரம் நூறு மடங்கானால் விழும் நேரம் பத்து மடங்காகும், வர்க்கமூலக் கணக்கு. வினாடிக்கு 240 சட்டகம் எடுத்து 24-இல் ஓட்டினால் பத்து மடங்கு மெதுவாகும். அது எறும்பை ஒரு மீட்டர் உருவமாக்கும், ஆட்டுக்குட்டிவரை போகலாம். யானையாக்க வினாடிக்கு நானூறுக்கு மேல் வேண்டும்.

துளை சின்னதானால் பின்னணி தெளிகிறது என்றால், அதை இன்னும் சுருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 300 மடங்கு சுருங்கிய மனிதக் கண்மணியின் துளை சுமார் 0.013 மி.மீ. அவ்வளவு சின்ன ஓட்டையில் நுழைகிற ஒளி விளிம்பு வளைவால் சிதறிவிடும். பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் மூன்று டிகிரி, அதாவது படத்தின் அகலத்துக்கே முப்பது புள்ளிதான் தேறும். மேக்ரோ லென்ஸில் எஃப் 32 வைத்தவுடன் மொத்தப் படமும் சவசவவென்று ஆவதற்கும் இதே சிதறல்தான் காரணம், அங்கே அதன் தொடக்கம் மட்டும் தெரிகிறது. போனின் 1 மி.மீ. துளை இரண்டுக்கும் நடுவே தற்செயலாக அமைந்த சமரசம்.

எறும்புக்கும் வேறு வழியில்லை. அதன் கூட்டுக்கண்ணில் உள்ள ஒவ்வொரு குட்டி லென்ஸும் ஏறத்தாழ 0.02 மி.மீ. அகலம்தான். மதில் மேல் நின்ற அந்தக் கட்டெறும்புக்கு என் தென்னை ஒரு மங்கலான கருப்புக் கோடாக மட்டும் தெரிந்திருக்கும். என் போனையும் ஒரு இருட்டாகத்தான் பார்த்திருக்கும் போல, சொட்டு தீரும்வரை குடித்துவிட்டு அதன் மேலேயே ஏறிப் போனது.