பூட்டிய பிறகே பழுதுபார்ப்பு: பயிற்சி வீடியோவில் எந்தெந்த ஷாட் வேண்டும்?

தொழிலாளருக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் நிறுவன அளவில் தகுந்த பாதுகாப்புப் பயிற்சி தரப்பட வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை (1981). பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளர் மீது விழக்கூடாது என்பதும் அதில் உண்டு. எனவே வீடியோவில் வேலை செய்து காட்டுபவருக்கு அந்த நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். முகம் தெரியச் சம்மதமா என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். மறுத்தால் கைகளை மட்டும் எடுங்கள்.

பழுதுபார்க்கும்போது யாரும் இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி கரண்டை நிறுத்திப் பூட்டுவதுதான் வீடியோவில் காட்ட வேண்டியது. கன்வேயரில் சிக்கிய பொருளை எடுப்பதை வைத்துப் பார்ப்போம். தினமும் அந்த வேலையைச் செய்பவரே படத்தில் இருக்கட்டும். முதல் ஷாட் தூரத்திலிருந்து: அவர் பக்கத்தில் வேலை செய்பவர்களிடம் நிறுத்தப்போவதைச் சொல்கிறார், பிறகு ஸ்டாப் பட்டனை அழுத்துகிறார். அடுத்து, இயந்திரத்துக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்சான ஐசோலேட்டர். கைப்பிடி ‘ஆஃப்’ நிலைக்குத் திரும்புவதும் பூட்டு மாட்டப்படுவதும் குளோசப்பில் வேண்டும். வலது கைக்காரர் என்றால் கேமரா அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவர் கையே பூட்டை மறைத்துவிடும். பூட்டுடன் தொங்கும் அட்டையில் உள்ள பெயரையும் தேதியையும் படிக்க நேரம் விடுங்கள்.

கரண்டை நிறுத்தினாலும் ஆபத்து மிச்சம் இருக்கும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் காற்று சிலிண்டரில் அழுத்தம் தங்கியிருக்கும். வால்வை மூடிப் பூட்டுவது, உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுவது, கேஜின் முள் பூஜ்யத்துக்கு இறங்குவது ஆகியவையும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். எடைக்கல் தொங்கும் அமைப்பானால் அது இறங்காதபடி முட்டுக் கொடுப்பதையும் காட்ட வேண்டும்.

பெரும்பாலும் விட்டுப்போவது சோதனை. பூட்டிய பின் அருகில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். கன்வேயர் அசையக்கூடாது. உடனே கன்ட்ரோலை ‘ஆஃப்’ நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பின்னர் கரண்ட் வந்ததும் அது தானாக ஓடக்கூடும். பூட்டு மாட்டுவதிலிருந்து இதுவரை வெட்டாமல் ஒரே டேக்காக எடுங்கள். நடுவில் வெட்டினால், பார்ப்பவர் சோதனையைத் தனி வேலையாக நினைத்து விட்டுவிடுவார். மின் இணைப்பைத் தொடும் வேலையானால் இந்தச் சோதனை போதாது, டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் படத்தில் வர வேண்டும். அந்த டெஸ்டரை முன்னும் பின்னும், கரண்ட் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்துச் சரிபார்ப்பதும் வர வேண்டும்.

தவறான முறையைக் காட்ட ஓடும் இயந்திரத்துக்குள் யாரும் கைவிடக்கூடாது. பூட்டிய இயந்திரத்தில் எடுத்து, திரையில் ‘தவறு’ என்று பெரிதாக எழுதினால் போதும். கேமராக்காரர் வேலிக்குள் வந்தால் அவருக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. அதற்காக, பல பூட்டுகளை ஒரே இடத்தில் போட உதவும் ஹாஸ்ப் என்ற கொக்கியை மாட்டி, உள்ளே போகும் ஒவ்வொருவரும் பூட்டுப் போட வேண்டும்.

கடைசியில் கருவிகளை எடுத்து, இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைத் திரும்ப மாட்டி, எல்லோரும் விலகிவிட்டதைப் பார்த்த பிறகு, அவரவர் பூட்டை அவரவரே கழற்றுவதைக் காட்டுங்கள். மீண்டும் ஓட்டப்போவதாகச் சுற்றி இருப்பவர்களிடம் சொன்ன பிறகுதான் ஐசோலேட்டர் ‘ஆன்’ ஆக வேண்டும்.