முதல் வாரம் ரெண்டு தறி போதும்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் பட்டறையில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர், நுரையீரல் தொற்றால் மூன்று மாதம் படுத்துக் கிடந்துவிட்டுச் சித்திரையில் திரும்பி வந்தார். முன்பெல்லாம் வாரம் 6 நாள், தினம் 8 மணி நேரம், 6 தறி பார்ப்பார். “திங்கக்கிழமையே பழையபடி ஓட்டிடறேன் தம்பி” என்றார். முடியாது. காய்ச்சல் போன பிறகும் படுக்கை செய்த வேலை உடம்பில் மிச்சம் இருக்கும்.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கடும் உழைப்பில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. படுத்தே இருந்தால் ரத்தத்தின் அளவு சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேலைக்கு அது வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. வெயிலைத் தாங்கும் பழக்கமும் சில வாரங்களில் விட்டுப்போகும். அதனால் அவருக்குக் காலை 6 மணி ஷிப்ட்டே கொடுத்தோம்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அட்டவணை போட்டோம். முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும், 3 மணி நேரம், 2 தறி. மொத்தம் 9 மணி. இடையில் ஒருநாள் விட்டதற்குக் காரணம் உண்டு: அளவுக்கு மீறி உழைத்தது பல நேரம் அன்று மாலை தெரியாது, மறுநாள்தான் காட்டும். இரண்டாம் வாரம் 12 மணி, மூன்றாம் வாரம் நான்கு நாளாக 16 மணி. நான்காம் வாரம் நேரத்தைத் தொடாமல் தறியை மட்டும் 4 ஆக்கினோம். நேரம், தறி இரண்டையும் சேர்த்து ஏற்றினால், ஆள் சோர்ந்தபோது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாம் வாரம் சறுக்கினோம். ஒரு நாளைக்கு 4 மணி நேரத்தை 6 ஆக்கியது சின்ன மாற்றமாகத் தெரிந்தது. வாரக் கணக்கில் அது 16இலிருந்து 24, அதாவது ஒன்றரை மடங்கு. புதன்கிழமை விடுப்புதான், தூங்கியும் எழுந்தார். ஆனால் படுக்கையிலேயே எண்ணிய நாடித்துடிப்பு, வழக்கமான 72 போய் 86. வியாழன் வந்து, அறுந்த பாவு இழையைக் கட்டவே தடுமாறினார். நாடாவில் நூல் சுற்றிய தார் தீர்ந்ததையும் கவனிக்கவில்லை. மறு வாரம் 16க்கே இறங்கி, அடுத்து 20, பிறகுதான் 24. காலையில் நாடி பழைய அளவுக்கு வந்திருந்தால் மட்டுமே அடுத்த படி என்று வைத்துக்கொண்டோம்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. சில வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, கொஞ்சம் உழைத்தாலே இரண்டு நாள் கழித்து ஆளையே சாய்த்துவிடும் சோர்வு வருவதுண்டு. அவர்களுக்கு வாரம் பார்த்து ஏற்றுவதே கெடுதல். இருக்கிற தெம்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அண்ணன் 48 மணியைத் தொட்டது 13ஆம் வாரத்தில். பாவு நூல் சுற்றிய பீமைத் தூக்க மட்டும் இப்போதும் ரெண்டு பேர்.