தவளை உதையும் முழங்காலின் உட்பக்க நோவும்

வன்னியில் நீந்தத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் குளத்தில் பழகியவர்கள். வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ, மாமாவோ அண்ணையோ கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கிவிட, பார்த்துப் பார்த்துப் பழகியது. அங்கே வரும் தவளை உதை அகலமாகத்தான் இருக்கும். தொடை இரண்டையும் நன்றாக விரித்து, காலைப் பக்கவாட்டில் நீட்டி, பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். இந்த உதை வேகம் தராது. ஆனால் குளத்தில் யாரும் தூரம் கணக்குப் பார்த்து நீந்துவதில்லை. பத்து உதை, கொஞ்சம் மிதப்பு, கொஞ்சம் கதை.

இப்படிப் பழகிய ஒரு 15 வயதுப் பிள்ளை, பாடசாலைப் போட்டிக்காக நீச்சல் தடாகத்துக்குப் போகத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்றுநர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்: “முழங்கால் அகலுது பிள்ளை, ஒட்டி வை.” அவளும் ஒட்டி வைக்கிறாள். 25 மீற்றர் தடாகத்தில் ஒரு நீளத்துக்குப் பத்து உதை என்றால், 40 நீளத்துக்கு 400 உதை. வாரத்தில் ஐந்து நாள் போனால் ஒவ்வொரு காலுக்கும் 2000. சில வாரங்களில் முழங்காலின் உட்பக்கம் நோகத் தொடங்குகிறது. முதலில் பயிற்சி முடிந்த பிறகுதான் தெரியும். பிறகு உதைக்கும்போதே, கால் நிமிரும் அந்தக் கணத்தில் சுருக்கென்று பிடிக்கும். ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது ஒன்றும் இல்லை. இந்த வேறுபாடே நோ எங்கிருந்து வருகிறது என்பதற்கு நல்ல தடயம்.

ஏன் உட்பக்கம்? முழங்கால் என்பது கதவுப் பிணைச்சல் மாதிரி. மடங்கவும் நிமிரவும்தான் செய்யப்பட்டது. ஆனால் மடங்கியிருக்கும்போது மட்டும் அது கொஞ்சம் திரும்பவும் விடும். கதிரையில் இருந்து, தொடையைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு திரும்புவதை விரலால் உணரலாம். இப்போது காலை நேராக நீட்டி அதையே செய்து பாருங்கள். பாதம் திரும்பும், ஆனால் தொடையும் சேர்ந்தே திரும்பும். நிமிர்ந்த முழங்கால் பூட்டிக்கொள்வதால் திருப்பம் முழுவதும் இடுப்பிலிருந்து வருகிறது.

தவளை உதை போட்டு நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் நடப்பது இந்த இரண்டுக்கும் இடையில். தண்ணீரைப் பின்னால் தள்ளுவது உள்ளங்காலும் பாதத்தின் உட்பக்கமும்தான். அதற்குப் பாதம் வெளியே பார்த்திருக்க வேண்டும். மடங்கிய முழங்காலில் பாதத்தை வெளியே திருப்பி, அப்படியே பலமாக நிமிர்த்தும்போது, தண்ணீர் பாதத்தின் உட்பக்கத்தில் அழுத்திக் கணைக்காலை வெளியே ஒதுக்கப் பார்க்கும். அப்போது முழங்காலின் உட்பக்கம் திறக்கப் பார்க்கும். அதைத் திறக்கவிடாமல் பிடித்திருப்பது தொடையெலும்பிலிருந்து கணைக்கால் எலும்புக்கு இறங்கும் ஒரு நார்ப்பட்டி. ஒரு தடவை இழுபட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. வாரத்துக்கு 2000 தடவை என்றால் எரிச்சல் கொடுக்கும். 1970களிலேயே விளையாட்டு மருத்துவர்கள் இந்த நோவை விவரித்துவிட்டார்கள்.

அப்படியானால் முழங்காலை ஒட்டி வைக்கச் சொன்னது பிழையா? முழுப் பிழை இல்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயிற்றுநர் ஜேம்ஸ் கவுன்சில்மனும் அவருடைய நீச்சல்வீரர் செட் ஜஸ்ட்ரெம்ஸ்கியும் அகல உதையை விட்டு ஒடுங்கிய சாட்டை உதைக்கு மாறினார்கள். ஜஸ்ட்ரெம்ஸ்கி உலக சாதனைகளை உடைத்தார். அன்றிலிருந்து போட்டி நீச்சலில் ஒடுங்கிய உதைதான். ஆனால் முழங்கால் ஒடுங்க ஒடுங்க, பாதம் அதற்கு வெளியே போக வேண்டியிருக்கும். அந்த அகலத்தை யாராவது கொடுக்க வேண்டும். தொடை உள்நோக்கித் திரும்பினால் இடுப்பு கொடுக்கும். இடுப்பு இறுக்கமாக இருந்தால் முழங்கால்தான் கொடுக்கும். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உதை தொடங்கும்போது தொடை விரியும் கோணம் 37 பாகைக்குக் குறைந்தவர்களுக்கும் 42 பாகைக்குக் கூடியவர்களுக்கும் முழங்கால் நோ அதிகம் என்று கண்டது. மிக அகலமும் கூடாது, மிக ஒடுக்கமும் கூடாது. குளத்து உதை ஒரு கரை என்றால், “ஒட்டி வை” மறு கரை.

அந்தப் பிள்ளையின் இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாயில் குப்புறப் படுத்து, முழங்கால்களை ஒட்டி வைத்து, இரண்டையும் 90 பாகைக்கு மடக்க வேண்டும். பாதங்கள் கூரையைப் பார்க்கும். அங்கிருந்து இரு பாதங்களையும் தம்பாட்டில் வெளிப்பக்கம் விழவிடட்டும். தாராளமாக விழுந்தால் தொடை உள்ளே திரும்புகிறது என்று அர்த்தம். கொஞ்சம் போய் நின்றுவிட்டால், அல்லது நோகும் காலின் பக்கம் மற்றதைவிடக் குறைவாக விழுந்தால், அந்தக் குறையைத் தண்ணீரில் முழங்கால்தான் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பாதத்தைக் கையால் அமத்திக் கூடுதலாக இறக்கப் பார்க்க வேண்டாம். குதிகால்களுக்கு நடுவில் நிலத்தில் குந்தி முழங்காலை வளைத்துப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏற்கனவே இழுபட்ட நாரையே இன்னும் இழுக்கும்.

சரி, உதையில் என்ன மாற்றுவது? முதலாவது அகலம். முழங்கால்கள் ஏறத்தாழ இடுப்பகலத்துக்கும் தோளகலத்துக்கும் இடையில் இருக்கட்டும். இடுப்பு இறுக்கமான பிள்ளைக்குத் தோளகலத்தின் பக்கமே நல்லது; கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை. முழங்காலை வயிற்றுக்குக் கீழே இழுக்காமல், குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். தொடைக்கிடையில் மிதவையை இறுக்கி வைத்து உதைக்கும் பயிற்சி அகல உதைக்காரருக்கு உதவும்தான், ஆனால் உட்பக்கம் நோகும் ஒருவருக்கு அது நேர்மாறான மருந்து.

இரண்டாவது, நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம், உதையின் முடிவு. நோகிறவர்களில் பலர் பாதத்தை வெளியே திருப்பியபடியே முழங்காலை முற்றாக நிமிர்த்தி, டக்கென்று பூட்டுகிறார்கள். அந்தக் கணத்தில்தான் நார் ஆகவும் இறுகும். கால் நிமிர நிமிரப் பாதமும் உள்ளே வந்து, விரல் பின்னோக்கி நீண்டு, இரண்டு பாதமும் சேர்ந்து முடிய வேண்டும். உதையை மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகமாக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அடித்தால் முழங்கால்தான் முதலில் வாங்கும்.

இதைப் பார்க்கச் சுலபமான வழி, மல்லாந்து நீந்துவது. கையைத் தொடைப்பக்கம் வைத்து, மல்லாந்தபடி தவளை உதை உதைக்கட்டும். முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்த்தால் இழுப்பது முழங்காலைத்தான், குதிகாலை அல்ல. சுவரிலிருந்து அவள் விலகிப் போகும்போது பின்னாலிருந்து கைபேசியில் ஒரு வீடியோ எடுத்தால், கால் நிமிர்ந்து முடியும்போது பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரியும்.

நோ இருக்கும்வரை தவளை உதையை நிறுத்திவிட்டு ஃப்ரீஸ்டைல் நீந்தலாம். தொட்டால் நோகாத நிலைக்கு வந்தபின், சில நீளங்களை மெதுவாக உதைத்துப் பார்த்து, அடுத்த நாள் காலை நோ இல்லையென்றால் மட்டும் கூட்டலாம். சில்லுக்குக் கீழே முன்பக்கம் நோவது வேறு கதை; அதற்கு இந்தத் திருத்தங்கள் போதாது. முழங்கால் வீங்கினாலோ, நடக்கும்போது நழுவினாலோ, மடங்கி நிமிராமல் சிக்கினாலோ, அல்லது பந்தடிக்கும்போது முறுகிய பிறகு வந்த நோ என்றாலோ, அது உதையில் திருத்தும் விஷயமே இல்லை. வைத்தியசாலையில் காட்டி, இயன்மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.