பேரிடர் நேரத்து அரசாணை கோர்ட்டுக்குப் போனால்

கொரோனா, வெள்ளம், புயல் என்று வந்துவிட்டால் அரசு அவசரமாகப் பல ஆணைகள் போடும். அதில் பெரும்பாலானவற்றில் நீதிமன்றம் கை வைக்காது. எந்தத் தெருவை அடைப்பது, மருந்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அதிகாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் தெரிந்த விஷயம் என்று விட்டுவிடும். ஆனால் ஆணை போட எந்தச் சட்டப்பிரிவைக் காட்டுகிறார்களோ, அந்தப் பிரிவு உண்மையில் அந்த அதிகாரத்தைத் தருகிறதா என்று கட்டாயம் பார்க்கும்.

2020 ஏப்ரலில் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம், 8 மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய் போதும் என்று அறிவிக்கையே கணக்கும் சொன்னது. அப்போதிருந்த சட்டப்படி வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைக் கூலி. அந்தக் கணக்கில் 72 மணி நேரத்துக்கு 960 ரூபாய் வர வேண்டும். அறிவிக்கைப்படி வருவதோ 720தான்.

இதற்கு அரசு காட்டியது அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு. ‘பொது அவசரநிலை’ இருந்தால் விலக்கு அளிக்கலாம், ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை என்றது அது. சரி, அவசரநிலை என்றால் என்ன? அதையும் அந்தப் பிரிவே சொல்லியிருந்தது: போர், அந்நிய ஆக்கிரமிப்பு அல்லது உள்நாட்டுக் குழப்பத்தால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வருவது. தொழிற்சங்கங்கள் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. தொற்றாலும் பொருளாதாரச் சரிவாலும் எவ்வளவு கஷ்டம் வந்தாலும், அது நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் உள்நாட்டுக் குழப்பம் ஆகாது என்று 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் சொன்னது.

அதோடு விடவில்லை. எடுத்த நடவடிக்கை தேவையின் அளவுக்குள் நிற்கிறதா என்பதையும் பார்த்தது. எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒட்டுமொத்தமாக விலக்கு கொடுத்து, நெருக்கடியின் சுமையைத் தொழிலாளி தலையில் மட்டும் வைப்பதை அது ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் தீர்ப்பில் முக்கியமான இடம் இதற்கு அப்புறம் வருவதுதான். அந்த அறிவிக்கையும் பிறகு அதை நீட்டித்த அறிவிக்கையும் ரத்தானதோடு, அவை அமலில் இருந்த காலத்தில் கூடுதல் நேரம் உழைத்தவர்களுக்குச் சட்டப்படியான ஓவர்டைம் கூலியைக் கொடுக்கவும் உத்தரவானது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் வரும் ஆணைகளைப் பற்றி, ‘இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று சிலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அதன் 71ஆம் பிரிவு கீழ் நீதிமன்றங்களைத்தான் தடுக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அந்தத் தடை இல்லை. ஆகவே ஆணையை எதிர்ப்பவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மனு எழுதும் முன் ஆணையில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிரிவை முழுசாகப் படித்துவிட வேண்டும்.