மாதம் 20,600 ரூபாய் பென்ஷன்: எந்த ஆண்டு ரூபாய்?

முப்பது வயதுக்காரர் ஒருவர் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் மாதம் 5,000 ரூபாய் போடுகிறார். அறுபது வயது வரை ஆண்டுக்கு 10% வளர்ச்சி என்று கணக்குப் போட்டால், கையில் சேர்வது சுமார் 1.03 கோடி. அதில் 40 சதவீதத்துக்கு, மொத்தப் பணத்தைக் கொடுத்தால் மாதாமாதம் பென்ஷன் தரும் ஆன்யுட்டி வாங்கி, அது ஆண்டுக்கு 6% தந்தால் மாதப் பென்ஷன் சுமார் 20,600 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும்.

ஆனால் இது முப்பது ஆண்டு கழித்து வரப்போகிற ரூபாய். இதைப் பெயரளவு மதிப்பு என்பார்கள். அதை வைத்து இன்றைய விலையில் எவ்வளவு வாங்கலாம் என்பதுதான் மெய் மதிப்பு. பென்ஷன் கால்குலேட்டர் பணவீக்க விகிதத்தைக் கேட்கவில்லை, விடைக்குப் பக்கத்தில் ‘இன்றைய மதிப்பில்’ என்றும் போடவில்லை என்றால், அது பெயரளவுத் தொகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் அரசின் ஸ்டேட் பென்ஷன் கணிப்பு இதற்கு நேர்மாறு: பணவீக்கத்தால் வரும் உயர்வைச் சேர்க்காமல்தான் அது தொகையைக் காட்டுகிறது. இரண்டு விதத் தொகைகளையும் அப்படியே கூட்டினால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை.

மாற்றும் வழி எளிது. பணவீக்கம் 6% என்று வைத்துக்கொண்டால், 1.06-ஐ முப்பது முறை பெருக்க 5.74 வரும். 20,600-ஐ அதால் வகுத்தால் சுமார் 3,590 ரூபாய். அந்த 1.03 கோடியும் இன்றைய மதிப்பில் 18 லட்சம்தான். பணவீக்கத்தை 5% என்று மாற்றினால் பென்ஷன் சுமார் 4,770 ஆகிறது. ஒரே ஒரு சதவீதம் இவ்வளவு ஆட்டுவதால், ஒரே விடையை நம்பாமல் இரண்டு மூன்று விகிதங்களில் போட்டுப் பார்ப்பது நல்லது.

மெய் வளர்ச்சியை வைத்து நேரடியாகவே கணக்குப் போடும் குறுக்கு வழியில் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 10% வளர்ச்சி, 6% பணவீக்கம் என்றால் மெய் வளர்ச்சி 1.10-ஐ 1.06-ஆல் வகுத்துக் கிடைக்கும் 3.77%. (வெறுமனே கழித்து 4% என்பது கொஞ்சம் தாராளம்.) அந்த 3.77 சதவீதத்தில் மாதம் 5,000 போட்டால் இன்றைய மதிப்பில் 33 லட்சம் வருகிறதே, முன்பு 18 லட்சம்தானே வந்தது? இரண்டும் சரியான கணக்குகள்தான். 33 லட்சம் வர, சந்தாவும் விலைவாசியோடு ஆண்டுதோறும் 6% ஏற வேண்டும். முப்பது ஆண்டும் அதே 5,000 என்றால், கடைசி ஆண்டில் போடும் 5,000 இன்றைய கணக்கில் ஆயிரத்துக்கும் கீழே. ‘இன்றைய மதிப்பில்’ என்று காட்டும் கணிப்புகளிலும் சந்தா ஏறுவதாக வைத்திருக்கிறார்களா, அப்படியே நிற்பதாகவா என்று அடிக்குறிப்பில் தேடிப் பாருங்கள்.

அறுபதோடும் கணக்கு முடியவில்லை. ஆண்டுதோறும் உயராத சாதாரண ஆன்யுட்டி எண்பது வயதிலும் அதே 20,600-ஐத்தான் தரும். அதே 6% பணவீக்கத்தில் அன்றைக்கு அதன் மதிப்பு இன்றைய பணத்தில் சுமார் 1,120 ரூபாய். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயரும் என்கிற வகையை எடுத்தால் இந்தச் சரிவு குறையும். அதற்கு விலையாகத் தொடக்கப் பென்ஷன் குறைவாக இருக்கும்.