75 சதவீதம் என்று நம்பினார்கள், கிடைத்தது 20

அமெரிக்காவில் ஒரு ரயில் விபத்து வழக்கு. பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞர்களிடம் ஏறக்குறைய 40,000 ஆவணங்கள், சுமார் மூன்றரை லட்சம் பக்கங்கள் குவிந்திருந்தன. எல்லாவற்றையும் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்டேர்ஸ் என்ற தேடல் மென்பொருளில் ஏற்றிவிட்டார்கள். வழக்குக்குத் தேவையானவற்றில் 75 சதவீதமாவது கண்ணில் படவேண்டும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட நிபந்தனை. வார்த்தைகளை மாற்றி மாற்றித் தேடினார்கள். போதும் என்று தோன்றிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

டேவிட் பிளேர், எம். இ. மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தேடல்களைச் சோதித்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். கைக்கு வந்த ஆவணங்களில் ஐந்தில் நான்கு பங்கு உருப்படியானவைதான். ஆனால் கிடைத்திருக்கவேண்டியவற்றில் சராசரியாக 20 சதவீதமே கிடைத்திருந்தது. வராமல் போனதை எப்படி எண்ணினார்கள்? தேடலில் சிக்காத ஆவணங்களில், விஷயம் இருக்க வாய்ப்புள்ள பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, வந்தவை எவை, வராதவை எவை என்று சொல்லாமல் வழக்கறிஞர்களிடமே படிக்கக் கொடுத்தார்கள். இப்படி யாராவது மெனக்கெட்டுத் தோண்டாவிட்டால் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. தேடுகிறவருக்குக் கண்முன் இருப்பது வந்தவை மட்டும்தானே.

ஸ்டேர்ஸ் பூலியன் முறையில் இயங்கியது. உள்ளே நடப்பது எளிய வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வருகிற ஆவணங்களின் எண்களை வரிசையாக எழுதிய ஒரு பட்டியல் இருக்கும். ‘பிரேக் AND விபத்து’ என்று கேட்டால் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு இரண்டிலும் உள்ள எண்களைப் பொறுக்கும். OR போட்டால் இரண்டையும் சேர்க்கும். NOT போட்டால் கழிக்கும். ஒரு ஆவணம் நிபந்தனைக்குப் பொருந்தும், அல்லது பொருந்தாது. நடுவில் எதுவும் கிடையாது. வந்தவற்றுக்குள் எது மேல், எது கீழ் என்ற பேச்சும் இல்லை.

வழக்கறிஞர்கள் ‘விபத்து’ என்று தேடினார்கள். ஆனால் வழக்கில் சிக்கியவர்கள் தங்கள் கடிதங்களில் அந்தச் சொல்லை எழுதுவார்களா? ‘துரதிர்ஷ்டமான நிலைமை’, ‘சம்பவம்’, ‘பிரச்சினை’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பெரும்பாலானோர் இதோடு கதையை முடித்து, ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதே குற்றவாளி என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று.

ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். அத்தனையையும் யார் படிப்பது? எண்ணிக்கையைக் குறைக்க, பூலியன் முறையில் பெரும்பாலும் கைக்கு வருவது இன்னொரு AND தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நமக்குத் தேவையான ஆவணங்களில் 70 சதவீதத்தில் ஒரு சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சொல்தான். அதே தரத்தில் இன்னொன்றைச் சேர்த்தால், இரண்டும் ஒன்றையொன்று சாராமல் வருகிற நிலையில், மிஞ்சுவது 49 சதவீதம். மூன்றாவது சொல்லில் 34. ஐந்தாவதில் 17. பட்டியல் படிக்கத்தக்க அளவுக்குச் சுருங்கும்போது தேடுகிறவருக்கு நிம்மதி. தேவையானதில் பெரும்பகுதியோ அதற்குள் வெளியே போயிருக்கும்.

தொகுப்பு பெரிதாகப் பெரிதாக இது மோசமாகும். ஆயிரத்தில் ஒரு ஆவணம் ஒரு கேள்விக்குப் பொருந்தும் என்றால், 10,000 ஆவணங்களில் பத்து வரும், உட்கார்ந்து படித்துவிடலாம். 10 கோடி ஆவணங்களில் அதே கேள்விக்கு ஒரு லட்சம் வரும். ஆகவே இன்னும் இரண்டு AND, இன்னும் இழப்பு. தமிழில் விபத்தில், விபத்தால், விபத்துக்கு என்று வேற்றுமை உருபுகள் ஒட்டுவதால், வேர்ச்சொல்லைப் பிரிக்கத் தெரியாத மென்பொருளில் இழப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

தரவரிசை முறை இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் சுவாரசியம். எவை பொருந்தும் என்ற கேள்வியையும் எத்தனை படிப்பது என்ற கேள்வியையும் அது தனித்தனியாகப் பிரித்துவிட்டது. கேட்ட சொற்களில் ஒன்று இருந்தாலும் ஆவணம் போட்டிக்கு வரலாம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், அதிக மதிப்பெண் மேலே. படிப்பவர் தனக்குப் பொறுமை உள்ளவரை இறங்கிக்கொண்டே போகலாம்.

மதிப்பெண் போடுவதில் முக்கியமான யோசனையை ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் முன்வைத்தார். எங்கும் கிடைக்கிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிய சொல்லுக்கு அதிகம். அதோடு, ஆவணத்துக்குள் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதையும் சேர்த்தால் ஒரு எளிய வாய்பாடு கிடைக்கும்:

```
(1 + log10 tf) × log10(N / df)
```

இதில் N மொத்த ஆவணங்கள், df அந்தச் சொல் உள்ள ஆவணங்கள், tf இந்த ஆவணத்தில் அது வரும் தடவை. சொல்லே இல்லாவிட்டால் அதற்குப் பூஜ்ஜியம். கேட்ட சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வருவதைக் கூட்டினால் ஆவணத்தின் மதிப்பெண். பத்து லட்சம் ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். ‘ரயில்’ ஒரு லட்சம் ஆவணங்களில் உள்ளது: வாய்பாட்டின் இரண்டாம் பகுதியான அரிதன்மை மதிப்பு 1. ‘விபத்து’ 10,000-இல்: மதிப்பு 2. ‘பிரேக்’ 1,000-இல்: மதிப்பு 3.

முதல் ஆவணம் ஒரு செய்திக்குறிப்பு. மூன்று சொற்களும் ஒவ்வொரு முறை வருகின்றன: 1 + 2 + 3 = 6. இரண்டாவது ஒரு பொறியாளரின் கடிதம். ‘பிரேக்’ பத்து முறை, ‘ரயில்’ பத்து முறை, ‘விபத்து’ ஒருமுறைகூட இல்லை. ‘அந்தச் சம்பவம்’ என்றே எழுதியிருக்கிறார். பத்து முறைக்கு முதல் பகுதி 2 ஆகும். ஆகவே 2×3 + 2×1 = 8. மூன்றாவது நூறு முறை ‘ரயில்’ வரும் கால அட்டவணை: 3×1 = 3. மூன்று சொற்களுக்கும் AND போட்டிருந்தால் பொறியாளரின் கடிதம் வந்தே இருக்காது. இங்கே அது முதலிடத்தில் நிற்கிறது. கால அட்டவணை நூறு முறை கத்தியும் கீழேதான்.

இந்த வாய்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. நீளமான ஆவணத்தில் எல்லாச் சொற்களும் சும்மாவே அதிகம் வரும். 1990-களில் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் உருவாக்கிய BM25 நீளத்துக்கு ஏற்பக் கழிவு போட்டது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் கிடைக்கும் லாபத்துக்கும் உச்சவரம்பு வைத்தது. இன்றும் பல தேடல் மென்பொருள்களில் அதுதான் அடிப்படை.

கோடிக்கணக்கான ஆவணங்களுக்கு மதிப்பெண் போட்டால் கணினி திணறாதா என்று கேட்கலாம். முதல் பத்து மட்டும் வேண்டுமென்றால் அத்தனைக்கும் போடத் தேவையில்லை. ஒரு சொல் அதிகபட்சம் எவ்வளவு மதிப்பெண் தரமுடியும் என்பது முன்பே தெரியும். எவ்வளவு கூட்டினாலும் இப்போதைய பத்தாமிடத்தை எட்டமுடியாத ஆவணத்தைத் தொடாமலே தாண்டலாம்.

வழக்கறிஞர்கள் மட்டும் எளிதில் நம்பவில்லை. 1975-ல் தொடங்கிய வெஸ்ட்லா சட்டத் தேடல் சேவை 1990-களின் தொடக்கம்வரை பூலியனிலேயே ஓடியது. ஹோவர்ட் டர்டில் என்ற ஆய்வாளர் 1994-ல் சட்ட ஆவணங்களில் நேருக்கு நேர் ஒப்பிட்டார். நிபுணர்கள் செதுக்கிய பூலியன் கேள்விகளைவிடச் சாதாரண வாக்கியங்களைத் தரவரிசையில் தேடியது நல்ல முடிவு கொடுத்தது. ஆனாலும் பலர் பழைய முறையை விடவில்லை. ஏன் இது வந்தது என்று அதில் சொல்லமுடிகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதைக் குறைசொல்லவும் முடியாது.

தரவரிசை எல்லாவற்றையும் தீர்க்கவும் இல்லை. கேட்ட சொற்களில் ஒன்றுகூட இல்லாத கடிதத்துக்கு மேலே சொன்ன வாய்பாட்டில் பூஜ்ஜியம்தான். மருத்துவத்தில் ஒரு சிகிச்சை பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி மதிப்பிடுபவர்கள் இன்றும் நீளமான பூலியன் கேள்விகளை எழுதி, அவற்றை அறிக்கையிலேயே அச்சிடுகிறார்கள். தொகுப்பு மாறாதவரை வேறொருவர் அதே கேள்வியை ஓட்டினால் அதே பட்டியல் வரவேண்டும். புதிய ஆய்வுகள் சேர்ந்தால் பட்டியலில் அவை கூடுமே தவிர, பழையவை விழாது. தரவரிசையின் முதல் ஐம்பதை மட்டும் எடுப்பவருக்கு அந்த உறுதி இல்லை. புது ஆவணங்கள் சேரும்போது df மாறும், அரிதன்மை மதிப்பு மாறும், நேற்று 50-ஆம் இடத்தில் இருந்தது இன்று 53-க்கு இறங்கியிருக்கும்.